பிறர் இட்ட பெயரும் தாம் கொண்ட பெயரும்: மூலனூர் வட்டாரத்தை முன்வைத்து 'அருந்ததியர்' என்னும் பெயர்வழக்கு ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மக்கள் குழுவுக்குப் பிறர் இட்ட பெயர் காலப்போக்கில் வசைச்சொல்லாக மாறுவதும், அக்குழு அப்பெயரை விலக்கித் தனக்கெனப் பெயர் கொள்வதும் உலகெங்கும் காணப்படும் நிகழ்வுகள். கொங்கு நாட்டின் தென்பகுதியில் உள்ள மூலனூர் வட்டாரத்தில் 'மாதாரி', 'சக்கிலியன்' ஆகிய பெயர்களின் இடத்தில் 'அருந்ததியர்' என்னும் பெயர் நிலைபெற்ற முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. பேச்சு, சட்டம், இடப்பெயர் என்னும் மூன்று தளங்களில் இம்மாற்றம் வெவ்வேறு வேகத்தில் நடைபெற்றுள்ளது என்பதும், மூன்றும் ஒன்றுபடாத இடங்களிலேயே சிக்கல்கள் தோன்றுகின்றன என்பதும் இதன் கருதுகோள் ஆகும்.

திறவுச்சொற்கள்: புறப்பெயர், அகப்பெயர், அருந்ததியர், மாதாரி, அட்டவணைச் சாதியினர் பட்டியல், வளவு, காலனி.

முன்னுரை

ஒரு மக்களைக் குறிக்கும் பெயரை அதன் தோற்றம் நோக்கி இரண்டாகப் பகுக்கலாம். அம்மக்கள் தம்மைக் குறிக்கத் தாமே வழங்குவது அகப்பெயர். அயலார் அவர்களைக் குறிக்க வழங்குவது புறப்பெயர். புறப்பெயர்கள் யாவும் இழிவானவை அல்ல. பெயரிடுபவருக்கும் பெயர் பெறுபவருக்கும் இடையே அதிகார ஏற்றத்தாழ்வு இருக்கும்போதுதான் பெயர் இழிவைச் சுமக்கத் தொடங்குகிறது. வடதுருவப் பகுதி மக்கள் 'எஸ்கிமோ' என்பதை விலக்கி 'இனுயிட்' என்னும் தம் பெயரை முன்வைத்ததும், வடஐரோப்பாவில் 'லாப்' என்பதன் இடத்தில் 'சாமி' வந்ததும், தென்னாப்பிரிக்காவில் 'ஹாட்டன்டாட்' என்பதன் இடத்தில் 'கோய்கோய்' வந்ததும் இவ்வகைப்பட்டவை.

தமிழ்ச் சூழல் இவற்றினின்று ஒரு வகையில் வேறுபட்டது. மேற்கண்ட எடுத்துக்காட்டுகளில் பெயரிட்டவர் வேற்றுமொழியினர். கொங்கு நாட்டுச் சிற்றூரில் பெயரிட்டவரும் பெயர் பெற்றவரும் ஒரே ஊரினர். ஒரே கிணற்றடியில் நாள்தோறும் எதிர்ப்பட்டவர். அதனால் இங்குப் புறப்பெயர் குறிப்புச்சொல்லாக மட்டும் நில்லாமல் விளிச்சொல்லாகவும் இயங்கியது. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி ஆகும். பழம்பெயர்கள் இங்கு வழக்குச் சான்றுகளாக மட்டுமே எடுத்தாளப்படுகின்றன.

பெயர்களும் அவை நின்ற இடமும்

மூலனூர், திருப்பூர் மாவட்டம் தாராபுரம் வட்டத்தைச் சேர்ந்த பேரூர். மழை குறைந்த மேட்டுநிலம். பருத்தியும் கால்நடையும் இதன் பொருளாதாரத்தின் அடிப்படை. நிருவாக வரைபடத்தில் இவ்வூர் முதலில் கோயம்புத்தூர் மாவட்டத்திலும், 1979 முதல் பெரியார் மாவட்டத்திலும் (பின்னர் ஈரோடு மாவட்டம் எனப் பெயர் மாறியது), 2009 முதல் திருப்பூர் மாவட்டத்திலும் அமைந்தது. ஊரைச் சூழ்ந்த மாவட்டத்தின் பெயர் இவ்வாறு எளிதில் மாறியிருக்க, ஊருக்குள் வாழும் மக்களின் பெயர் மாறுவது அத்துணை எளிதாக இருக்கவில்லை.

மின்மோட்டார்கள் பரவுவதற்கு முன் கொங்குக் கிணறுகளில் நீர் இறைப்புக் கவலையால் நடந்தது. கவலைக்கு வேண்டிய தோல் பறியைத் தைத்தலும் செப்பனிடுதலும், செருப்புத் தைத்தலும், இறந்த கால்நடையை அகற்றுதலும், பண்ணையத்தில் ஆண்டுக்கூலிக்கு உழைத்தலும், ஆடு மாடு மேய்த்தலும் ஒரு பிரிவினர்மேல் சுமத்தப்பட்டிருந்தன. இவர்களுள் வீட்டில் தெலுங்கு பேசுவோர் பலர். கன்னடம் பேசுவோரும் உளர். கொங்குப் பகுதியில் 'மாதாரி' என்பது இவர்களுக்கு மிகுதியாக வழங்கிய பெயர், தமிழகம் முழுதும் பரவலாக வழங்கியது 'சக்கிலியன்', தென்மாவட்டங்களில் 'பகடை', தெலுங்கு வழக்கில் 'மாதிகா', தூய்மைப் பணியோடு சேர்த்து வழங்கியது 'தோட்டி'.

இப்பெயர்களுள் 'சக்கிலி' என்னும் சொல் சங்கப் பனுவல்களில் இல்லை. இறைச்சி உண்பவர் என்னும் பொருளுடைய வடசொல் ஒன்றிலிருந்து இதனை வருவிக்கும் விளக்கத்தைக் குடியேற்றக் காலத்து இனவரைவியல் நூல்கள் பதிவு செய்தன. ஒலியியல் நோக்கில் அவ்விளக்கம் ஏற்கத்தக்கதா என்பது தனி வினா. இங்குக் கருதத்தக்கது, பெயரை விளக்க வந்தவர்கள் தேர்ந்தெடுத்த பொருள் எத்தகையது என்பதே. உணவை முன்னிறுத்தி இழிவைக் கற்பிக்கும் விளக்கம் அரசு சார்ந்த நூல்களில் ஏறியபின், ஊர் வழக்கிலிருந்த இழிவுக்கு அச்செழுத்தின் சான்றும் கிடைத்தது.

'மாதாரி' என்பது கொங்கு வழக்கில் சற்று மென்மையானதெனக் கருதப்பட்டதுண்டு. ஆயினும் அது தனிமனிதரின் இயற்பெயரோடு ஒட்டி, அல்லது இயற்பெயரையே விலக்கி, ஆளை அழைக்கும் சொல்லாக நின்றது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) என்னும் புதினம் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவனின் வாழ்வைப் பேசுகிறது. அதன் தலைப்பே ஆளின் பெயருள் சாதியின் பெயர் கரைந்து நிற்கும் கொங்கு வழக்குக்கு இலக்கியச் சான்று ஆகும்.

விளியில் வெளிப்படும் இழிவு

ஒரு பெயர் எப்போது வசையாகிறது என்பதைச் சொற்பிறப்பால் மட்டும் அறிய இயலாது. தமிழில் இதனை அறிய மூன்று இலக்கணக் குறிகள் உதவுகின்றன.

முதலாவது, விகுதி. 'அன்' விகுதி ஒருமையையும், 'அர்' விகுதி பலர்பாலையும் உயர்வு ஒருமையையும் உணர்த்தும். நிலவுடைமைச் சாதிகளின் பெயர்கள் எழுத்துவழக்கில் பெரும்பாலும் 'அர்' ஈற்றில் நிற்க, ஒடுக்கப்பட்டோரின் பெயர்கள் 'அன்' ஈற்றிலேயே பட்டியலேறின. 'சக்கிலியன்', 'பள்ளன்', 'பறையன்' என்பன இன்றும் சட்டப் பட்டியலில் அவ்வடிவிலேயே உள்ளன.

இரண்டாவது, வினைமுற்றோடு கொள்ளும் இயைபு. முதியவரைக் குறிக்கும்போதும் 'மாதாரி வந்தான்' எனச் சிறுவரும் கூறும் வழக்கு இருந்தது. இங்குப் பெயரினும் வினைமுற்றே இழிவை மிகுதியாகச் சுமக்கிறது. எதிர்த்திசையில் 'கவுண்டர் வந்தார்', 'சாமி' என்பனவே ஏற்கப்பட்டன. பெயர் மாறி வினைமுற்று மாறாவிடின் மாற்றம் பாதியில் நின்றதாகவே கொள்ளவேண்டும்.

மூன்றாவது, விளியும் குறிப்பும் வேறுபடும் தன்மை. ஒரு சமூகப்பெயர் படர்க்கையில் மட்டும் வழங்குமாயின் அது வகைப்பெயர். முன்னிலையில் ஒருவரை விளிக்கவும் அதுவே போதுமென்னும் நிலை வந்தால், அவருக்குத் தனிப்பெயர் தேவையில்லை என்பது அதன் உட்பொருள். ஆகவே விளிவழக்கிலிருந்து நீங்குவதே ஒரு புறப்பெயர் வீழ்வதன் முதல் அடையாளம்.

இம்மூன்றையும் சேர்த்து நோக்கினால், திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் வளர்ச்சி மூலனூர் போன்ற ஊர்களின் விளிவழக்கில் ஏற்படுத்திய மாற்றத்தின் தன்மை விளங்கும். பனியன் கம்பெனியில் ஒருவர் 'டைலர்', 'கட்டிங் மாஸ்டர்', 'செக்கிங்' என வேலையின் பெயரால் அழைக்கப்படுகிறார். வாரக்கூலிக்குப் பழகிய தலைமுறை, ஆண்டுக்கூலிக்குப் பண்ணையத்தில் நின்ற தலைமுறை ஏற்ற விளியை ஏற்பதில்லை. எனினும் வேலைப்பெயர் சாதிப்பெயரை மறைக்குமேயன்றி மாற்றாது. மாற்றுப்பெயர் வேறிடத்திலிருந்து வரவேண்டியிருந்தது.

'அருந்ததியர்': தேர்ந்தெடுத்த பெயரின் பின்புலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒடுக்கப்பட்டோர் இயக்கங்கள் பெயர் குறித்து இருவேறு வழிகளை மேற்கொண்டன. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை வெளிப்படையாக ஏற்று, நாணம் சுமத்தியவர்க்கே உரியதென உணர்த்துவது அவ்வழி. அயோத்திதாசர் அப்பெயரே பகைவர் இட்டதெனக் கருதி மறுத்தார். சாதிப்பெயரற்ற திராவிடர், ஆதித்தமிழர் என்னும் அடையாளங்களை முன்வைத்தார். 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் முன்மொழிந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, 'பறையர்', 'பஞ்சமர்' என்பவற்றுக்கு மாறாகத் தமிழ் மாவட்டங்களில் 'ஆதிதிராவிடர்' என்றும் தெலுங்கு மாவட்டங்களில் 'ஆதிஆந்திரர்' என்றும் ஆவணங்களில் எழுத அரசு ஆணையிட்டது.

இவ்வாணை தெலுங்கு பேசித் தமிழ் மாவட்டங்களில் வாழ்ந்தோருக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. மொழியால் ஆந்திரர் எனின் வாழ்நிலம் அயலாகும். ஆதிதிராவிடர் எனின் பெரிய குழுவொன்றின் பெயருக்குள் தம் தனித்தன்மை மறையும். இந்நிலையில் 1920-களின் தொடக்கத்தில் சென்னையில் எல்.சி. குருசாமி, எச்.எம். ஜெகந்நாதம் முதலியோர் முன்னின்று நடத்திய அமைப்பு 'அருந்ததியர்' என்னும் பெயரை முன்னெடுத்தது. சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய குருசாமி அப்பெயரை அரசு அவைக்குக் கொண்டுசென்றார். பின்னர் வந்த அட்டவணைச் சாதியினர் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

இப்பெயர்த் தேர்வு நுட்பமானது. அருந்ததி வசிட்டரின் மனைவி. கற்பின் உருவகமாக விண்மீனாக்கிப் போற்றப்படுபவள். சங்க இலக்கியம் 'வடமீன்' எனவும், சிலப்பதிகாரம் 'சாலி' எனவும் சுட்டுவது இவளையே. திருமணச் சடங்கில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் வழக்கம் பரவலாக உள்ளது. மற்றொரு புறம், வசிட்டரை மணந்த அட்சமாலை என்பவள் தாழ்ந்த பிறப்பினள் என்று மனுநூல் கூறுகிறது. உரைமரபு அவளை அருந்ததியோடு ஒன்றாகக் காண்கிறது. ஆந்திர நாட்டு வாய்மொழி மரபும் அருந்ததியை மாதிகர் குலத்து மகளாகக் கொள்கிறது. ஆகவே, எந்தச் சமூகம் தீண்டத்தகாதது எனப்பட்டதோ அதன் மகளையே பிற சமூகத்தார் தம் மணநாளில் அண்ணாந்து நோக்கி வணங்குகின்றனர் என்னும் எதிர்வாதம் இப்பெயருள் அடங்கியுள்ளது. பழம்பெயரை மறுப்பதோடு நில்லாமல், இழிவு கற்பித்தவரின் நூலையே சான்றாக்குகிறது இப்பெயர்.

இதன் வலிமையே இதன் வரம்பும் ஆகும். வைதிகப் புராண மரபின் தலைவி ஒருத்தியைச் சார்ந்து நிற்பதால் இப்பெயர் வடமொழி மரபின் ஏற்பை நாடுகிறது என்னும் மறுப்பு சமூகத்திற்குள்ளேயே எழுந்தது. கோவையை மையமாகக் கொண்டு வளர்ந்த ஆதித்தமிழர் பேரவை போன்ற அமைப்புகள் 'ஆதித்தமிழர்' என்னும் சொல்லை முன்வைப்பதற்கு, வந்தேறிகள் என்னும் பழியை மறுக்கும் நோக்கமும் காரணம். அகப்பெயர் எனப்படுவது எப்போதும் ஒன்றாகவே இருப்பதில்லை. அதுவும் சமூகத்துள் நிகழும் விவாதத்தின் விளைவே.

சட்டப் பட்டியலில் பெயர்

அரசமைப்பின் 341-ஆம் உறுப்பின்படி அட்டவணைச் சாதியினர் பட்டியல் குடியரசுத் தலைவரின் ஆணையால் வரையறுக்கப்படுகிறது. அதில் பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றம் மட்டுமே சட்டம் இயற்றலாம். வட்டாட்சியரோ மாநில அரசோ நீதிமன்றமோ பட்டியலில் இல்லாத பெயரை ஒப்பான பெயராகக் கொள்ள இயலாது. ஆகவே ஒரு சமூகம் தனக்கெனக் கொண்ட பெயர், பட்டியலில் ஏறாதவரை, சான்றிதழில் பயனற்றது.

தமிழ்நாட்டுப் பட்டியலில் அருந்ததியர், சக்கிலியன், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதிஆந்திரர் ஆகியன தனித்தனிப் பதிவுகளாக உள்ளன. புதுப்பெயர் பழம்பெயரின் இடத்தை எடுக்கவில்லை. அதன் அருகில் அமர்ந்தது. இதன் விளைவை மூலனூரைச் சார்ந்த ஒரு குடும்பத்தை மாதிரியாகக் கொண்டு விளக்கலாம். பாட்டனின் பள்ளி ஆவணத்தில் 'மாதாரி' என்றும், தந்தையின் சான்றிதழில் 'சக்கிலியன்' என்றும் இருக்கக்கூடும். மகள் 'அருந்ததியர்' எனச் சான்றிதழ் கோருகிறாள். சான்றளிக்கும் அலுவலர் முன் உள்ளவை மூன்று தனிப்பதிவுகள். தந்தையின் ஆவணத்தை அடிப்படையாகக் கொள்ளும் அலுவல் நடைமுறை, எந்தச் சொல்லை விலக்க அவள் விரும்புகிறாளோ அதனையே அவள் கையில் கொடுக்கும். அதனை மறுத்துப் புதுப்பெயரைப் பெற்றால், பின்னர்ச் சரிபார்ப்பின்போது தந்தைக்கும் மகளுக்கும் சாதி வேறாக உள்ளதே என்னும் ஐயம் எழும். உறவுமுறையையும் மணத்தொடர்பையும் காட்டி இரண்டும் ஒன்றே என மெய்ப்பிக்கும் சுமை அவளுடையதாகிறது.

இச்சிக்கலை ஓரளவு தீர்த்தது 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அருந்ததியர் சிறப்பு ஒதுக்கீட்டுச் சட்டம். நீதிபதி எம்.எஸ். ஜனார்த்தனம் அளித்த பரிந்துரையின் அடிப்படையில், அட்டவணைச் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் 3 விழுக்காடு அருந்ததியருக்கு உள்ஒதுக்கீடாக வழங்கப்பட்டது. அச்சட்டம் 'அருந்ததியர்' என்பதற்கு மேற்கூறிய ஏழு பெயர்களையும் உள்ளடக்கிய பொருள்வரையறை தந்தது. ஒரு குழுவின் பெயராக இருந்த சொல் ஏழு குழுக்களின் பொதுப்பெயராக உயர்ந்தது இதனால்தான். 2024 ஆகஸ்ட் 1 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு உள்வகைப்பாடு செல்லும் எனத் தீர்ப்பளித்தபின் இப்பொதுப்பெயரின் சட்ட அடித்தளம் உறுதியானது. எனினும் இவ்வரையறை மாநிலச் சட்டத்தின் எல்லைக்குட்பட்டது. மத்தியப் பட்டியலில் ஏழும் தனித்தனியே தொடர்கின்றன.

இதனோடு ஒப்பிடத்தக்கது தேவேந்திரகுல வேளாளர் பெயர் ஏற்பு. கொங்குப் பகுதியில் 'பண்ணாடி' எனவும் பிற பகுதிகளில் 'பள்ளன்', 'குடும்பன்', 'காலாடி', 'கடையன்', 'வாதிரியான்' எனவும் 'தேவேந்திரகுலத்தான்' எனவும் பதிவான ஏழு பெயர்களையும் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடாளுமன்றம் ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவந்தது. அங்கு முதன்மைப் பதிவு புதுப்பெயரே. பழம்பெயர்கள் அதன் அடைப்புக்குறிக்குள் அடங்கின. பழைய சான்றிதழ்கள் செல்லுபடியாக அவை தேவைப்பட்டன. பெயரை மாற்றும் சட்டமும் பழம்பெயரை முற்றிலும் அழிக்க முடியாமல் அடைப்புக்குள் காக்கவேண்டியுள்ளது என்பது இவ்வாய்வு நோக்கில் குறிப்பிடத்தக்கது.

இதே பழம்பெயர் பொதுவெளியில் வசையாகக் கூறப்படின் குற்றம். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் 2015-ஆம் ஆண்டுத் திருத்தமும் பிறர் காணும் இடத்தில் சாதிப்பெயரால் இழித்துரைப்பதைத் தண்டனைக்குரியதாக்கின. 2008-இல் சுவரண் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம், 'சமார்' என்பது ஒரு சாதியின் பெயரேயாயினும் இன்று அது இழித்துரைக்கவே ஆளப்படுவதால் சொல்லின் தோற்றத்தை அன்றி மக்கள் வழக்கில் அது பெறும் பொருளைக் கருதவேண்டும் என விளக்கியது. மொழியியல் நோக்கில் இது சொற்பிறப்பினின்று பயன்வழிப் பொருளுக்கு நகர்ந்த தீர்ப்பு ஆகும். ஒரே சொல் பட்டியலில் உரிமைக்கு வாயிலாகவும் தெருவில் குற்றத்திற்குச் சான்றாகவும் நிற்கிறது.

வளவும் காலனியும்

பேச்சிலும் சான்றிதழிலும் நீங்கிய பெயர் நெடுங்காலம் தங்குமிடம் இடப்பெயர். கொங்கு ஊர்களில் ஒரு சாதியார் சேர்ந்து வாழும் பகுதி 'வளவு' எனப்படும்; 'மாதாரி வளவு', 'சக்கிலி வளவு' என்பன வாய்மொழியில் நிலைத்தன. அரசு வீட்டுமனைகள் அளித்த காலத்தில் 'காலனி' என்னும் ஆங்கிலச் சொல் வந்தது. 'அரிசனக் காலனி', 'ஆதிதிராவிடர் காலனி' என முகவரிகள் அமைந்தன. காந்தியடிகள் பரப்பிய 'அரிசன்' என்னும் பெயரும் பிறர் இட்டதே. நன்னோக்கோடு இடப்பட்டதாயினும் பெயர் பெற்றவர் கேட்டுப் பெற்றதன்று. அதனால் ஒன்றிய அரசு 1982-இல் சான்றிதழ்களில் அச்சொல்லைத் தவிர்க்க அறிவுறுத்தியது.

சாதிப்பொருள் சிறிதுமற்ற 'காலனி' என்னும் சொல் அடைந்த கதி மிகுந்த கவனத்திற்குரியது. நகரத்தில் அரசு ஊழியர் குடியிருப்பையும் வங்கி ஊழியர் குடியிருப்பையும் குறித்த அதே சொல், சிற்றூரில் 'காலனிக்காரன்' என்னும் ஆக்கத்தால் சாதிப்பெயரின் பதிலியானது. 2025 ஏப்ரலில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில், ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச்சொல்லாகவும் மாறிய அச்சொல் அரசு ஆவணங்களினின்று நீக்கப்படும் என அறிவித்தார். 'துப்புரவுப் பணியாளர்' என்பது 2020-இல் 'தூய்மைப் பணியாளர்' என மாற்றப்பட்டதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். 'தோட்டி' என்னும் சாதிப்பெயர் பணிப்பெயராகவும், பணிப்பெயர் மீண்டும் சாதிக்குறிப்பாகவும் சுழன்ற சுழற்சியை உடைக்கும் முயற்சி அது. பணி அதே சமூகத்தாரிடமே தங்கியுள்ளவரை புதிய பணிப்பெயரும் அவர்களையே சுட்டும்.

முடிவுரை

மூலனூர் வட்டாரத்துப் பெயர்வழக்கு காட்டுவது இதுவே: புறப்பெயர் முதலில் விளியிலிருந்தும், பின்னர் எழுத்துவழக்கிலிருந்தும் நீங்குகிறது, சட்டப் பட்டியலில் உரிமையைக் காக்கும் பொருட்டு நிலைக்கிறது, இடப்பெயரில் வேறு சொல்லாக உருமாறி மீண்டும் தோன்றுகிறது. 'அருந்ததியர்' என்னும் பெயர் 1920-களில் ஓர் இயக்கத்தின் கோரிக்கையாகத் தொடங்கி 2009-இல் ஏழு பெயர்களின் பொதுப்பெயராக உயர ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின. அது நிலைபெற்றதா என்பதை அறியச் சான்றிதழை மட்டும் நோக்குதல் போதாது. மகளின் சான்றிதழும் தந்தையின் சான்றிதழும் ஒரே பெயரைத் தாங்குகின்றனவா, ஊர்க்கிழவரைச் சுட்டும் வினைமுற்று 'வந்தார்' என முடிகிறதா, அவர் வாழும் தெருவுக்கு அங்கு வாழ்வோர் இட்ட பெயர் பலகையில் உள்ளதா என்னும் மூன்று வினாக்களுக்கும் கிடைக்கும் விடையே அதன் அளவுகோல். முதல் வினாவுக்கு விடையளிக்க வேண்டியது நாடாளுமன்றம். மூன்றாவதற்கு உள்ளாட்சி மன்றம். இரண்டாவதற்கு விடை ஊராரின் நாவில் உள்ளது.